முனகலும் மின்விசிறி இரைச்சலும்: குரல் கெடாமல் குறைக்க எந்த வழி?

பேச்சை ஒலிப்பதிவு செய்துவிட்டு ஹெட்போனை மாட்டினால் முதலில் காதில் விழுவது பல நேரம் பேச்சாக இருப்பதில்லை. அடியில் ஓயாமல் ஓடும் "ம்ம்ம்" என்ற முனகலும், அதன்மேல் படர்ந்திருக்கும் மின்விசிறியின் "ஸ்ஸ்ஸ்" என்ற காற்றொலியும்தான் முந்திக்கொள்கின்றன. இரைச்சல் நீக்கும் கருவி ஒன்றை எடுத்து முழு வேகத்தில் ஓட்டினால் இரண்டும் போய்விடும். கூடவே குரலும் தண்ணீருக்கு அடியிலிருந்து பேசுவது போல ஆகிவிடும். வடிகட்டி போடுவதா, நாய்ஸ் ரிடக்‌ஷனா, நாய்ஸ் கேட் போதுமா, மறுபடியும் பதிவு செய்வதே நல்லதா என்று என்னிடம் கேட்டவர்கள் எல்லோரும் அதற்குப் பிறகுதான் கேட்டார்கள். நான்கையும் ஒன்றோடொன்று வைத்துப் பார்க்கலாம்.

## எதை வைத்து எடைபோடுவது?

முதல் அளவுகோல், எந்த இரைச்சலைப் பற்றிப் பேசுகிறோம் என்பது. முனகலும் காற்றொலியும் ஒரே நேரத்தில் கேட்பதால் இரண்டையும் ஒன்றாக நினைத்துவிடுகிறோம். உண்மையில் அவை வேறு வேறு இனம். முனகல் மின்சாரத்திலிருந்து வருவது. மின்வழங்கல் 50 ஹெர்ட்ஸ் என்றால் 50, 100, 150, 200 என்று குறிப்பிட்ட சில அதிர்வெண்களில் மட்டும் ஊசி ஊசியாக நிற்கும். 60 ஹெர்ட்ஸ் என்றால் 60, 120, 180. காற்றொலி அப்படி அல்ல. அது அடியிலிருந்து உச்சிவரை எல்லா அதிர்வெண்களிலும் மூடுபனி போலப் பரவியிருக்கும்.

இரண்டாவது, பேச்சுக்கு என்ன சேதம் வருகிறது என்பது. மூன்றாவது, பிறகு தெரியவரும் செலவு: நேரம், காது உழைப்பு, திரும்பப் பெற முடியாத இழப்பு.

இலக்கையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். இரைச்சலை அடியோடு ஒழிப்பது இலக்கு அல்ல. பேசும்போது குரல் தன் அடியிலுள்ள இரைச்சலைத் தானே பெருமளவு மறைத்துவிடுகிறது. இடைவெளிகளில் அது உறுத்தாத அளவுக்குத் தணிந்தால் போதும். பெரும்பாலான பதிவுகளில் 6 முதல் 12 டெசிபல் தணித்தாலே அது நடந்துவிடும். அதற்குமேல் பேராசைப்படும்போதுதான் தண்ணீர் புகுகிறது.

| வழி | முனகலுக்கு | காற்றொலிக்கு | தண்ணீர்த்தன்மை வருமா? | பிறகு தெரியும் செலவு |
|---|---|---|---|---|
| ஹைபாஸ், நாட்ச் வடிகட்டிகள் | மிக நன்று | அடிப்பகுதி மட்டும் குறையும் | வராது | அதிர்வெண்ணைத் தேடிப் பிடிக்கும் வேலை |
| மாதிரி எடுத்து நாய்ஸ் ரிடக்‌ஷன் | சுமார் | நன்று | அளவு மீறினால் வரும் | சொல் முடிவுகள் மழுங்கும் |
| நாய்ஸ் கேட் | இடைவெளியில் மட்டும் | இடைவெளியில் மட்டும் | வராது | இரைச்சல் மூச்சுவிடுவது போல ஏறி இறங்கும் |
| மைக்கை நெருக்கி மறுபதிவு | ஒலியாக வரும் முனகலுக்கு நன்று | மிக நன்று | வராது | பேசியவர் மீண்டும் கிடைக்க வேண்டும் |

## வடிகட்டிகள்

முனகல்தான் முதன்மைத் தொல்லை என்றால் இந்த வழியை விட்டு வேறெங்கும் போக வேண்டாம். ஹைபாஸ் வடிகட்டி 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருப்பதைச் சரித்துவிடும். ஆண் குரலின் அடிப்படை அதிர்வெண் ஏறத்தாழ 85 ஹெர்ட்ஸில் தொடங்குகிறது. பெண் குரல் அதற்கு வெகு மேலே, 165 ஹெர்ட்ஸை ஒட்டித் தொடங்குகிறது. ஆகவே 80க்குக் கீழே குரல் என்று சொல்ல ஏதும் இருப்பதில்லை. மிகவும் ஆழ்ந்த குரலாக இருந்தால் மட்டும் 70க்கு இறக்கிக்கொள்ளலாம்.

80க்கு மேலே நிற்கும் ஊசிகளுக்கு நாட்ச் வடிகட்டி. எங்கே வெட்டுவது என்பதை ஊகிக்காதீர்கள். யாரும் பேசாத ஒரு பகுதியைத் தேர்ந்தெடுத்து, ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் Plot Spectrum திறந்து, Size என்பதை 65536க்கு மாற்றுங்கள். அப்போது ஒரு ஹெர்ட்ஸுக்கும் குறைவான நுணுக்கத்தில் ஊசிகள் தெரியும். அந்த அளவுக்கு நீளமான மௌனம், அதாவது ஒன்றரை நொடிக்கு மேல், தேவைப்படும்.

இங்கே ஒரு குழப்பம் நேரலாம். விசிறியும் ஓர் ஊசியை எழுப்பும். மூன்று இறக்கை உள்ள விசிறி நிமிடத்துக்கு 1200 முறை சுற்றினால் 3 × 1200 ÷ 60, அதாவது 60 ஹெர்ட்ஸ். மின்சாரம் 50 ஹெர்ட்ஸாக இருக்கும் இடத்தில் 60இல் ஊசியைப் பார்த்துத் திகைக்க வேண்டாம். விசிறியின் வேகத்தை மாற்றி இன்னொரு துண்டு பதிவு செய்து பாருங்கள். நகர்ந்தால் அது விசிறி. நின்ற இடத்திலேயே நின்றால் மின்சாரம்.

வெட்டின் அகலத்தை 5 ஹெர்ட்ஸ் அளவில் வைத்தால் குரலுக்கு எதுவும் தெரியாது. ஆடாசிட்டியின் நாட்ச் வடிகட்டி அகலத்தை நேரடியாகக் கேட்காமல் Q என்ற எண்ணைக் கேட்கிறது. அதிர்வெண்ணை அகலத்தால் வகுத்தால் அந்த எண் கிடைக்கும்: 100 ஹெர்ட்ஸுக்கு 20, 200க்கு 40, 300க்கு 60. இன்னும் குறுக்கினால் இன்னும் நல்லதுதானே என்று தோன்றும். இல்லை. மின்சாரத்தின் அதிர்வெண் எப்போதும் சற்றே அலைபாய்கிறது. குறுகிய வெட்டு அதைத் தவறவிடும். மேலும் குறுகிய வடிகட்டி, தட்டிவிட்ட மணி போல நீண்ட நேரம் அதிரும். 100 ஹெர்ட்ஸில் Q 100 என்று வைத்தால் அந்த அதிர்வு ஓரளவு தணியவே மூன்றில் ஒரு நொடிக்கு அருகில் ஆகிவிடும்.

கட்டளை வழியாகச் செய்பவர்களுக்கு இது ஒரே வரி:

```
ffmpeg -i in.wav -af "highpass=f=80,bandreject=f=100:t=h:w=5,bandreject=f=200:t=h:w=5,bandreject=f=300:t=h:w=5" -c:a pcm_s24le out.wav
```

ஒரு வரம்பு உண்டு. முனகல் "ம்ம்ம்" என்று மென்மையாக இல்லாமல் "ட்ர்ர்ர்" என்று கரகரத்தால் ஊசிகள் ஆயிரம் ஹெர்ட்ஸைத் தாண்டி வரிசையாக நிற்கின்றன என்று பொருள். ஒவ்வொன்றாக வெட்டிக்கொண்டிருப்பது அலுப்பான வேலை. அடுத்த பதிவுக்காவது மடிக்கணினியின் சார்ஜரைப் பிடுங்கிவிட்டுப் பாருங்கள். கரகரப்பு நின்றுவிட்டால் அது மின்இணைப்பு வழியாகப் புகுந்தது.

## மாதிரி எடுத்து இரைச்சலைக் குறைத்தல்

பலரும் முதலில் தொடுவதும் பலரும் கையைச் சுட்டுக்கொள்வதும் இதில்தான். அதனால் இதை நிதானமாகப் பார்க்கலாம்.

யாரும் பேசாத ஒரு துண்டைக் காட்டி "இதுதான் இரைச்சல்" என்று கருவிக்குக் கற்றுக்கொடுக்கிறோம். ஆடாசிட்டியில் அது Get Noise Profile என்ற பொத்தான். கருவி ஒலியை ஆயிரத்துச் சொச்சம் மெல்லிய பட்டைகளாகப் பிரித்து, ஒவ்வொரு பட்டையிலும் இரைச்சல் எவ்வளவு உயரம் வரும் என்று குறித்துக்கொள்கிறது. பிறகு முழுப் பதிவிலும், ஒரு பட்டையின் ஒலி அந்த உயரத்தைத் தாண்டினால் குரல் என்று விட்டுவிடும். தாண்டாவிட்டால் இரைச்சல் என்று தணித்துவிடும்.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பது இப்போது புரியும். நம் காதுக்குச் சீராகக் கேட்கும் காற்றொலி, ஒவ்வொரு பட்டையிலும் நொடிக்குப் பல முறை மேலும் கீழும் துள்ளிக்கொண்டிருக்கிறது. துள்ளும்போது இங்கே ஒன்று, அங்கே ஒன்று எல்லையைத் தாண்டித் தப்பிவிடுகிறது. சுற்றியிருந்த இரைச்சல் முழுவதும் அழிந்துவிட்ட வெறுமையில் அந்தத் தப்பியவை மட்டும் தனித்தனிச் சிறு சீழ்க்கைகளாகக் கேட்கின்றன. எதிர்ப்பக்கம், குரலின் மெல்லிய பகுதிகளான "ஸ", "ஷ" போன்ற காற்றெழுத்துகள், சொல்லின் கடைசி அசை, அறையின் எதிரொலி ஆகியவை எல்லையைத் தொட்டும் தொடாமலும் வெட்டுப்படுகின்றன. சீழ்க்கையும் வெட்டும் சேர்ந்ததுதான் அந்தக் குமிழிச் சத்தம்.

இது புதிய பிரச்சினையும் அல்ல. இந்தக் கழித்தல் முறையை ஸ்டீவன் போல் என்ற ஆய்வாளர் 1979இல் விவரித்தார். அதே ஆண்டிலேயே பெரூட்டி என்பவரும் அவருடைய இரு சகாக்களும் அந்தச் சீழ்க்கைகளுக்கு மருந்து சொன்னார்கள்: எல்லாவற்றையும் சுழியாக்காதே, அடியில் கொஞ்சம் இரைச்சலை மிச்சம் வை, தப்பிய சீழ்க்கைகளை அந்த மிச்சம் மறைத்துவிடும். இன்றைக்கும் மருந்து அதுதான். Noise reduction என்ற எண்ணை 24இல் வைக்காமல் 6 முதல் 9 வரை வைத்தால், மிச்சமிருக்கும் மெல்லிய காற்றொலியே குரலுக்குப் பாதுகாப்புப் போர்வையாகிறது.

மற்ற இரண்டு எண்களிலும் ஒன்றைப் பெற்றால் இன்னொன்றை இழக்க வேண்டும். Sensitivity குறைந்தால் சீழ்க்கை பெருகும். கூடினால் குரலைத் தின்னும். Frequency smoothing கூடினால் அக்கம்பக்கத்துப் பட்டைகள் சேர்ந்து நகர்வதால் சீழ்க்கை அடங்கும். ஆனால் குரலின் கூர்மை சற்று மங்கும். பேச்சுக்கு நான் Sensitivity 5 முதல் 6, smoothing 5 அல்லது 6 என்று தொடங்குகிறேன்.

சரியாக அமைந்ததா என்று காட்டித்தரும் பொத்தான் ஒன்று அதே பெட்டியில் இருக்கிறது. Residue என்பதைத் தேர்ந்தெடுத்து முன்னோட்டம் கேளுங்கள். கருவி எதைக் கழிக்கப்போகிறதோ அது மட்டும் கேட்கும். வெறும் காற்றொலி கேட்டால் நல்லது. அந்தக் காற்றொலிக்குள் யாரோ தூரத்தில் முணுமுணுப்பது போலச் சொற்கள் புரிந்தால், குரலை வெட்டிக்கொண்டிருக்கிறீர்கள். Sensitivityஐக் குறைத்து மறுபடி கேளுங்கள். கேட்டு முடித்ததும் மறக்காமல் Reduce என்பதற்குத் திரும்புங்கள்.

முனகலையும் இதுவே பார்த்துக்கொள்ளாதா என்றால், அரைகுறையாகத்தான். 44,100 ஹெர்ட்ஸ் சாம்பிள் ரேட்டில் ஒவ்வொரு பட்டையும் ஏறத்தாழ 21 ஹெர்ட்ஸ் அகலம், ஊசியின் ஒலி அடுத்த பட்டைகளிலும் சிந்தும். 5 ஹெர்ட்ஸ் வெட்டில் முடிய வேண்டிய காரியத்துக்குப் பல மடங்கு அகலமாக, அதுவும் குரலின் அடிப்படைச் சுருதி உலவும் இடத்திலேயே கை வைக்கிறது. அதனால்தான் ஆண் குரல்கள் இதில் முதலில் மெலிகின்றன. முனகலை வடிகட்டியால் எடுத்துவிட்டு, மாதிரியை அதற்குப் பிறகு எடுத்தால் இந்தச் சேதம் வராது.

மறைந்திருக்கும் இன்னொரு பள்ளம், பதிவுக்கருவியின் தானியங்கி ஒலியளவு. பேச்சு நின்றதும் அது மெல்ல மெல்ல ஒலியைத் தூக்கும். இரண்டு நொடி மௌனத்தின் கடைசியில் இரைச்சல் உண்மை அளவைவிட உயர்ந்திருக்கும். அங்கே மாதிரி எடுத்தால் எல்லை உயர்ந்துபோய்க் குரல் அடிபடும். அத்தகைய பதிவில் பேச்சு முடிந்த உடனே வரும் அரை நொடியை, எதிரொலி அடங்கியதும், எடுங்கள். மாதிரிக்குள் மூச்சொலியோ நாற்காலிச் சத்தமோ இருக்கவே கூடாது. விசிறியின் வேகம் நடுவில் மாறியிருந்தால் பதிவை அந்த இடத்தில் இரண்டாகப் பிரித்து, இரண்டுக்கும் தனித்தனி மாதிரி எடுக்க வேண்டும்.

இரண்டு முறை மெதுவாக ஓட்டுவது ஒரு முறை பலமாக ஓட்டுவதைவிட நல்லது என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு உடன்பாடில்லை. முதல் ஓட்டத்துக்குப் பின் மிஞ்சும் இரைச்சல் சீராக இருப்பதில்லை. சீரற்றதை வைத்து மறுபடி எல்லை வகுத்தால் சீழ்க்கைதான் வளர்கிறது. ஒரே ஓட்டம், குறைந்த அளவு.

## நாய்ஸ் கேட்

ஒலி ஓர் அளவுக்குக் கீழே இறங்கினால் மொத்தத்தையும் தணிப்பது, பேச்சு எழுந்தால் திறந்துவிடுவது: இதன் வேலை அவ்வளவுதான். பட்டைகளாகப் பிரிப்பதில்லை என்பதால் தண்ணீர்த்தன்மைக்கு இடமே இல்லை. பேச்சுக்கு அடியில் இருக்கும் இரைச்சலை இது தொடுவதும் இல்லை.

முழு மௌனமாகும் அளவுக்கு மூடினால் ஒவ்வொரு சொல்லோடும் இரைச்சல் எழுந்து, சொல் முடிந்ததும் அறுந்து விழும். அது தொடர்ந்து ஓடும் இரைச்சலைவிட அதிகம் உறுத்துகிறது. தணிப்பை 6 முதல் 8 டெசிபலில் நிறுத்தி, மூடும் வேகத்தைக் கால் நொடி போல வைத்தால் பாங்காக இருக்கும். குரலுக்கும் இரைச்சலுக்கும் ஏற்கனவே நல்ல இடைவெளி இருந்து, மௌனங்கள் மட்டும் உறுத்துகின்றன என்றால் இது ஒன்றே போதும்.

## மைக்கை நெருக்கி மறுபதிவு

வாயிலிருந்து மைக்குக்கு உள்ள தூரத்தைப் பாதியாக்கினால் நேராக வரும் குரல் 6 டெசிபல் கூடும். 60 செண்டிமீட்டரிலிருந்து 15க்கு வந்தால் 12 டெசிபல். அறையில் பரவியிருக்கும் விசிறி ஒலி அதே அளவில்தான் இருக்கும்; குரல் கூடிய அளவுக்குப் பதிவளவைக் குறைத்துக்கொள்ளலாம், இரைச்சல் அப்படியே கீழே போய்விடும். எந்த மென்பொருளும் சேதமில்லாமல் தர முடியாத 12 டெசிபல் இது. ஒருபக்கம் மட்டும் கேட்கும் கார்டியாய்டு மைக்காக இருந்தால் அதன் முதுகை விசிறியின் பக்கம் திருப்பி வையுங்கள். இன்னும் கொஞ்சம் இலாபம்.

அதற்கும் விலை உண்டு. அத்தகைய மைக்கை நெருங்கினால் குரலின் அடிப்பகுதி தடிக்கும். "ப" வரும்போதெல்லாம் காற்று மோதும். மைக்கை வாய்க்கு நேரே வைக்காமல் கன்னத்தின் பக்கமாகச் சாய்த்து வைத்தால் மோதல் குறையும். ஒரு பத்தியை மட்டும் மறுபதிவு செய்து பழையதோடு ஒட்டினால் குரலின் நிறம் மாறியது அப்பட்டமாகத் தெரியும். செய்தால் முழுப் பகுதியையும் செய்ய வேண்டும். மின்இணைப்பு வழியாக வரும் முனகலையும் தூரம் மாற்றி விரட்ட முடியாது. பதிவளவைக் குறைக்கும்போது சில நேரம் சற்றுத் தணியும், அவ்வளவுதான். பத்து நிமிடத்துக்குள் அடங்கும் பதிவு, பேசியவரும் கிடைக்கிறார் என்றால் நான் மென்பொருளைத் திறக்கவே மாட்டேன்.

## ஒரு பதிவு, அடியிலிருந்து

என் பெரியப்பாவிடம் பழைய கதைகளைக் கேட்டு 38 நிமிடம் பதிவு செய்திருந்தேன். மேசை விசிறி ஓடிக்கொண்டிருந்தது. மடிக்கணினி சார்ஜரில் இருந்தது. இப்போது அவரால் அவ்வளவு நேரம் பேச முடியாது. ஆகவே மறுபதிவு என்ற வழி அடைபட்டுவிட்டது. முதல் முயற்சியில் 24 டெசிபல் என்று வைத்து நாய்ஸ் ரிடக்‌ஷன் ஓட்டினேன். பின்னணி பளிச்சென்று ஆகிவிட்டது. ஆனால் பெரியப்பா ஒவ்வொரு வாக்கியத்தையும் குரல் தாழ்த்தி முடிப்பவர். "சொல்லிட்டுப் போயிட்டார்" என்பதில் கடைசி "டார்" நீரில் கரைந்துபோயிருந்தது. மூலப் பதிவை வைத்திருந்ததால் பிழைத்தேன்.

இரண்டாம் முறை அளந்துகொண்டு தொடங்கினேன். அவர் பேசும் இடங்களில் சராசரி ஒலி −24 டெசிபல், மௌனங்களில் −46. இடைவெளி 22 டெசிபல். ஸ்பெக்ட்ரத்தில் 100, 200, 300இல் தெளிவான ஊசிகள். 60ஐ ஒட்டி விசிறியின் அகலமான மேடு. 80இல் ஹைபாஸ், மூன்று ஊசிகளுக்கும் 5 ஹெர்ட்ஸ் வெட்டு. அதோடு மௌனம் −52க்கு இறங்கியது. குரலில் எந்த மாற்றமும் கேட்கவில்லை. இரைச்சல் என்று நான் திட்டிக்கொண்டிருந்ததில் பாதி, அந்தச் சில ஊசிகளும் ஒரு மேடும்தான்.

பிறகு புதிய மாதிரி எடுத்து, 8 டெசிபல், Sensitivity 6, smoothing 6 என்று Residue கேட்டேன். காற்றொலிக்குள் பெரியப்பாவின் "ச்ச" மட்டும் அங்கங்கே எட்டிப்பார்த்தது. Sensitivityஐ 5க்கு இறக்கியதும் அது போய்விட்டது. அப்படியே ஓட்டினேன். மௌனம் −60. குரலுக்கும் இரைச்சலுக்கும் இடையே இப்போது 36 டெசிபல். ஒலியளவைச் சமப்படுத்தும் கம்ப்ரஸரைக் கடைசிக்குத் தள்ளி வைத்தேன். அது மெல்லியதைத் தூக்கும்போது இரைச்சலையும் தூக்கும் என்பதால், முதலில் போட்டிருந்தால் மற்ற எல்லா அளவுகளும் பிசகியிருக்கும். அது முடிந்தபின் மௌனம் −54இல் நின்றது.

எம்பி3யாக மாற்றும்போதும் ஒரு கண் வேண்டியிருந்தது. குறைந்த பிட்ரேட்டில் அந்தக் கோப்பு வடிவமே மெல்லிய ஒலிகளைக் குமிழியாக்கும். அதைக் கேட்டுவிட்டு நாய்ஸ் ரிடக்‌ஷனைக் குறை சொல்லக்கூடாது. 64இல் கேட்ட குமிழி 128இல் இல்லை.

இப்போது பதிவைக் கேட்டால் விசிறி இன்னும் ஓடுகிறது, பக்கத்து அறையில் ஓடுவது போல. "போயிட்டார்" முழுதாகக் கேட்கிறது.